வாரம் 1,077 தானேன்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி: வாரக்குழு லோனா, நகைக்கடனா, மகளிர் குழுவா?

போன மாசம் பெரியம்மா பொண்ணு, பண்ருட்டி பக்கம் இருக்குற அக்கா, ராத்திரி ஒம்போது மணிக்கு போன் பண்ணுச்சு. "தம்பி, ஒரு மாடு பாத்திருக்கோம், 50,000 சொல்றாங்க, குழுவுல லோன் தரேன்னு சார் வந்து சொல்லிட்டு போயிருக்காரு, வாரம் 1,077 தான் வருதாம், ஒரு ரூபா வட்டிதானாம், எடுத்துக்கவா?" அப்டின்னு. அக்கா முந்திரி உடைக்கிற வேலைக்கு போகுது, மாமா கொத்தனார். நான் முன்னாடி ரெண்டு வருஷம் இதே மாதிரி ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனில (பேர் வேண்டாம்) கலெக்ஷனுக்கு போனவன், "ஒரு ரூபா வட்டிதான்க்கா"ன்னு நானே எத்தனை திண்ணையில உக்காந்து சொல்லியிருக்கேன்னு எனக்கே கணக்கு தெரியாது. அதனால அக்காகிட்ட ரெண்டு நாள் டைம் கேட்டு, ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதிப் பாத்தேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த "ஒரு ரூபா வட்டி". நம்ம ஊர்ல வட்டின்னா நூத்துக்கு மாசம் எவ்ளோன்னுதான் பேசுவோம். ஒரு ரூபா வட்டின்னா வருஷத்துக்கு 12, ரெண்டு ரூபா வட்டின்னா 24. அடகுக் கடையிலயும் இதே பேச்சு, சொந்தக்காரங்ககிட்ட கைமாத்து வாங்கினாலும் இதே பேச்சு. அக்காவும் அப்படித்தான் புரிஞ்சுகிச்சு, நகையை வச்சாலும் ஒரு ரூபா, குழுவுல எடுத்தாலும் ஒரு ரூபா, அப்ப நகையை ஏன் வைக்கணும்னு.

ரெண்டும் ஒண்ணு இல்ல. நகையை வச்சு 50,000 வாங்குனா அந்த 50,000 வருஷம் பூரா உன் கையிலயே இருக்கு, வருஷக் கடைசியில அசலும் 6,000 வட்டியும் கட்டி மீட்டுக்குவ. வாரக் கடன்ல 50,000-க்கு வட்டி 6,000-ன்னு முதல்லயே போட்டு 56,000 ஆக்கி, அதை 52 வாரத்துக்கு பிரிச்சு 1,077 ஆக்கிடுறாங்க. ஆனா முதல் வாரமே நீ அசல்ல கிட்டத்தட்ட 860 ரூபா திருப்பிக் கொடுத்துடுற. அடுத்த வாரம் இன்னொரு 860 சொச்சம். ஆறு மாசம் முடியுறப்ப உன் தலையில இருக்குற கடன் 26,400 ரூபாதான், ஆனா வட்டி மட்டும் 50,000-மும் வருஷம் பூரா உன்கிட்டயே இருந்த மாதிரி போட்டது. இருக்குற பாக்கிக்கு மட்டும் வட்டின்னு கணக்கு போட்டா இது 12 கிடையாது, 22.7 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட ரெண்டு ரூபா வட்டி. இதைத்தான் ஃப்ளாட் வட்டின்னு சொல்றது. ஆபீஸ் பேப்பர்ல சரியான வட்டிதான் இருக்கும், ஃப்ளாட் கணக்கு எங்க வாயில மட்டும்தான் இருக்கும்.

இதோட முடியல. 50,000 சாங்ஷன்னு சொன்னாலும் அக்கவுன்ட்ல 50,000 ஏறாது. பிராசஸிங் ஃபீஸ் ஒரு சதவீதம் 500, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90, அப்புறம் எடுக்குறவங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேத்து லோன் இன்சூரன்ஸ். அக்காவுக்கு சொன்ன கணக்குல இன்சூரன்ஸ் 910. எல்லாம் போக கைக்கு வர்றது 48,500. இன்சூரன்ஸ் வீண்னு சொல்ல மாட்டேன், வீட்டுக்காரர் போய் சேந்துட்டா கடன் அடையுது, அதை நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா அதுவும் செலவுதானே. இப்ப 48,500 வாங்கி வாரம் 1,077 வீதம் 52 வாரம் கட்டினா வருஷ வட்டி என்னன்னு பாக்க எக்செல்லயோ கூகுள் ஷீட்லயோ இந்த ஒரு வரி போதும்:

```
=RATE(52,-1077,48500)*52
```

29 சதவீதம்னு வரும். ஒரு ரூபா வட்டின்னு ஆரம்பிச்சது ரெண்டரை ரூபாவை தொட்டு நிக்குது.

எக்செல் தெரியாதவங்களுக்கு நான் அக்காவுக்கு சொன்ன வழி இருக்கு. வாரத் தவணையை வாரத்தால பெருக்கு, 56,004. அதுல கைக்கு வந்த காசை கழி, 7,504. இது நீ மேல கட்டுற காசு. கைக்கு வந்ததுல பாதி 24,250, ஏன் பாதின்னா சராசரியா அவ்ளோதான் உன்கிட்ட இருக்கு. 7,504-ஐ 24,250-ஆல வகுத்தா 31 சதவீதம். உண்மையை விட ரெண்டு பாயின்ட் கூட காட்டுது, காட்டட்டும், ஏமாறுறதுக்கு இது மேல். ரெண்டு வருஷ லோன்னா கடைசியில ரெண்டால இன்னொரு தடவை வகுத்துக்கணும், அவ்ளோதான்.

இந்த நம்பரை கம்பெனியே எழுதிக் கொடுத்தாகணும், அது தெரியாமத்தான் நிறைய பேர் இருக்காங்க. ரிசர்வ் பேங்க் 2022 ஏப்ரல்ல இருந்து கொண்டு வந்த விதிப்படி மைக்ரோ ஃபைனான்ஸ் லோனுக்கு ஒரு ஃபேக்ட் ஷீட் தரணும், அதுல இல்லாத எந்த கட்டணத்தையும் பின்னால வாங்க முடியாது. 2024 அக்டோபர்ல இருந்து எல்லா சில்லறை கடனுக்கும் இதே மாதிரி ஷீட்டு கட்டாயம், அதுல ஏபிஆர்னு ஒரு கட்டத்துல ஃபீஸு, இன்சூரன்ஸ் எல்லாம் சேந்த வருஷ செலவு சதவீதமா போட்டிருக்கணும். நடைமுறையில என்ன ஆகுதுன்னா, செல்போன்ல ஒரு லிங்க் வரும், கூடவே ஓடிபி வரும், சார் "ஓடிபி சொல்லுங்கக்கா"ன்னு கேப்பாரு, அக்கா சொல்லிடும், லிங்க்கை யாரும் திறக்க மாட்டாங்க. நான் எங்க அக்காகிட்ட சொன்னது, ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி "சார், ஏபிஆர் எவ்ளோன்னு அந்த ஷீட்டுல காமிங்க"ன்னு மட்டும் கேளுக்கா, முகம் எப்படி மாறுதுன்னு பாரு.

29 சதவீதம்னா கொள்ளைன்னு சொல்ல வரல. கம்பெனியும் பேங்குல கடன் வாங்கித்தான் கொடுக்குது, ஈடு ஒண்ணும் கிடையாது, 1,077 ரூபாயை வாங்க ஒரு ஆள் வாரா வாரம் பெட்ரோல் போட்டு ஊருக்குள்ள வரணும். அதுக்கெல்லாம் ஆகுற செலவு உண்மைதான். ஆனா 2022 விதியில வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க, "நியாயமா வாங்குங்க"ன்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ரேட்டு ஏறுனது ஏறுனதுதான், 2024 அக்டோபர்ல வட்டி ரொம்ப ஜாஸ்தின்னு சொல்லி நாலு கம்பெனிகளை புதுக்கடன் கொடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்கே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சுது. கம்பெனிக்கு எவ்ளோ செலவு ஆகுதுங்குறது அவங்க கவலை, அக்காவுக்கு வேற வழி இருக்கான்னுதான் நான் பாக்கணும்.

வேற வழின்னா முதல்ல நகை. அக்காகிட்ட ஒரு செயின் இருக்கு. இப்ப இருக்குற தங்க விலைக்கு 50,000 வாங்க ஒரு பவுனே போதும். பேங்குலயும் கூட்டுறவு சொசைட்டியிலயும் பெரும்பாலும் ஒரு ரூபா வட்டிக்கு கீழதான் வரும், சரி ஒப்பிடுறதுக்காக அதே ஒரு ரூபா வட்டின்னே வச்சுக்குவோம். வருஷக் கடைசியில மொத்தமா மீட்டா 6,000. ஆனா வாரக் கடன் மாதிரியே மாசாமாசம் அசல்ல கொஞ்சம் கொஞ்சமா கட்டிட்டு வந்தா மொத்த வட்டியே 3,300 சொச்சம்தான் ஆகும். வாரக் கடன்ல மேல போறது 7,504. அதே ஒரு ரூபா, அதே 50,000, அதே ஒரு வருஷம், பாதிக்கும் கீழ. இன்னொண்ணு, நகைக்கடன்ல ஒரு மாசம் கட்டலன்னா யாரும் திண்ணையில வந்து உக்கார மாட்டாங்க, வட்டிதான் ஏறும். அதுவே ஆபத்தும்கூட. யாரும் கேக்குறதில்லன்னு விட்டு விட்டு ஒருநாள் ஏல நோட்டீஸ் வந்து நிக்கும். அக்காவுக்கு நகையை வைக்க மனசு வரலங்குறதுக்கு காரணம் வட்டி கிடையாது, அடுத்த தை மாசம் மாமாவோட தங்கச்சி கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோட போகணுமேங்குறதுதான். அதை நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன்.

அடுத்தது மகளிர் சுய உதவிக் குழு. வாரக்குழுவையும் மகளிர் குழுவையும் ஊர்ல எல்லாரும் "குழு"ன்னே சொல்றதால ஒண்ணுன்னு நினைச்சுக்குறாங்க. வாரக்குழு கம்பெனி கடன் கொடுக்குறதுக்காக சேத்த அஞ்சு பேர், பத்து பேர். மகளிர் குழு அவங்களே மாசாமாசம் சேமிச்சு, அந்தப் பணத்தை அவங்களுக்குள்ள சுத்துக்கு விட்டு, அப்புறம் பேங்குல சேந்து கடன் வாங்குறது. வாழ்வாதார இயக்கத் திட்டத்துல வர்ற குழுவுக்கு 3 லட்சம் வரைக்கும் பேங்க் வட்டி 7 சதவீதம். 50,000-ஐ ஒரு வருஷத்துல மாசாமாசம் கட்டினா வட்டி 1,900 சொச்சம்தான். சில குழுவுல பேங்குல ஏழுக்கு வாங்கி உள்ள ஒரு ரூபா வட்டிக்கு விடுவாங்க, அப்பவும் அந்த லாபம் குழு கணக்குலதான் நிக்கும், வருஷக் கடைசியில பங்காவோ கடனாவோ உனக்கே திரும்பி வரும். இதை விட மலிவா ஊர்ல பணம் கிடையாது. பிரச்சனை என்னன்னா நேரம். புதுசா குழு ஆரம்பிச்சா ஆறு மாசமாவது சேமிச்சு, கூட்டம் போட்டு, நோட்டு ஒழுங்கா எழுதியிருந்தாத்தான் பேங்க் திரும்பிப் பாக்கும். மாடு ஆறு மாசம் காத்திருக்காது. அக்கா மூணு வருஷம் முன்னாடி ஒரு குழுவுல இருந்துச்சு, ஊக்குநர்கூட சண்டை போட்டுட்டு வெளிய வந்துடுச்சு. அது ஒரு தனிக்கதை.

மூணாவது, மாமா சொன்ன வழி, தண்டல். 10,000-ன்னு சொல்லி 1,500 பிடிச்சுகிட்டு 8,500 கையில கொடுப்பாங்க, வாரம் 1,000 வீதம் பத்து வாரம். "பத்து வாரம்தானே"ம்பாங்க. அதே எக்செல் வரியில போட்டா வருஷத்துக்கு 160 சதவீதம். இதுக்கு மேல இதைப் பத்தி பேச ஒண்ணும் இல்ல, இதை எடுத்துத்தான் வாரக்குழு கட்டுறாங்கங்குறதுக்காக மட்டும் பின்னால திரும்ப வருவேன்.

அப்ப வாரக்குழு யாருக்குமே ஆகாதான்னா, ஆகும். நகை இல்லாதவங்க, மகளிர் குழுவுல இல்லாதவங்க, தினமும் கையில காசு புழங்குறவங்க. பூ கட்டி விக்கிறவங்க, இட்லிக்கடை, மீன் வியாபாரம். 20,000 ரூபா சரக்கு வாங்கிப் போட்டா அன்னன்னைக்கு காசு திரும்புற தொழிலுக்கு வாரத் தவணை பொருந்தும், தண்டலை விட அஞ்சு மடங்கு மலிவு. ஆனா மாட்டுக்கு? பால் சொசைட்டியில பத்து நாளைக்கு ஒருக்காவோ பதினஞ்சு நாளைக்கு ஒருக்காவோதான் பட்டுவாடா. அதுக்குள்ள ஒரு தவணையோ ரெண்டு தவணையோ வந்துடும். மாடு சினை பிடிச்சா கண்ணு போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பாலை வத்த விடணும், அந்த எட்டு வாரமும் தீவனச் செலவு உண்டு, பால் காசு கிடையாது, 1,077 மட்டும் வியாழக்கிழமை தவறாம வரும். தவணை எந்த நாள், காசு எந்த நாள்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாக்காம லோன் எடுக்குறவங்கதான் முதல் தவணை தவறுறவங்க, இது நான் கலெக்ஷன்ல கத்துகிட்டது.

இனிமேதான் நான் அக்காகிட்ட நிஜமாவே பயந்து பேசுன விஷயம். அக்காவுக்கு ஏற்கனவே ஒரு வாரக்குழு ஓடுது, செவ்வாய்க்கிழமை, வாரம் 840. போன்ல சொல்லவே இல்ல, கேட்டதுக்கப்புறம்தான் வந்துச்சு.

வீட்டு வருமானம் என்னன்னு எழுதினேன். மாமாவுக்கு வாரத்துல நாலு நாள் வேலைன்னா நாளுக்கு 900, 3,600. அக்காவுக்கு அஞ்சு நாள் 300 வீதம் 1,500. மொத்தம் வாரம் 5,100. பழைய 840-ம் புது 1,077-ம் சேந்தா 1,917, அதாவது வருமானத்துல 38 சதவீதம். ரிசர்வ் பேங்க் விதிப்படி வருஷ வருமானம் 3 லட்சத்துக்கு மேல போகாத குடும்பத்துக்கு எல்லா கடன் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாது. அக்கா குடும்பம் பாதிக்கு கீழ, அதனால கம்பெனி கண்ணுக்கு ஓகே.

ஆனா கடலூர் மாவட்டத்துல ஐப்பசி கார்த்திகை எப்படி இருக்கும்னு தெரியும்ல. மழை பிடிச்சா மாமாவுக்கு ஒரு நாள்கூட வேலை இருக்காது. அந்த வாரம் வீட்டுக்கு வர்றது அக்காவோட 1,500 மட்டும். கட்ட வேண்டியது 1,917. சாப்பாட்டுக்கு ஒரு ரூபா எடுக்காமலே 417 பத்தாது. சராசரி வாரத்துல 38 சதவீதம்னு பாஸ் ஆன கடன், கெட்ட வாரத்துல முதல் நாளே ஃபெயில். நான் அக்காகிட்ட சொன்ன ஒரே விதி இதுதான், நல்ல வாரத்தை வச்சு கணக்கு பாக்காத, போன வருஷத்துல இருந்ததுலயே மோசமான வாரம் எதுன்னு யோசி, அந்த வாரம் சோறு போக மிச்சம் எவ்ளோ இருந்துச்சோ அதுக்குள்ள எல்லா தவணையும் அடங்குமான்னு பாரு.

ரெண்டு லோனுக்கே இப்படின்னா, அக்கா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அம்மா இருக்காங்க, கிட்டத்தட்ட இதே வருமானம், நாலு கம்பெனி. திங்கள் 1,150, செவ்வாய் 840, புதன் 720, வியாழன் 1,077. மொத்தம் 3,787. 5,100 வருமானத்துல இது 74 சதவீதம், மிச்சம் 1,313-ல நாலு பேர் சாப்பிடணும். மழை வாரத்துல 2,287 பள்ளம். அப்பத்தான் தண்டல்காரர் வண்டி தெருவுல நிக்கும். 8,500 கைக்கு வரும், ஆனா அடுத்த வாரத்துல இருந்து அதுக்கும் 1,000, அதனால பள்ளம் 3,287 ஆகிடும். 8,500-ஐ 3,287-ஆல வகுத்துப் பாருங்க, மூணாவது வாரம் முடியுறதுக்குள்ள தீந்துடும். தண்டல் இன்னும் எட்டு வாரம் பாக்கி இருக்கும். அதுல இருந்து ஆரம்பிச்சு வாங்குற எந்த கடனும் தொழிலுக்கு இல்ல, வீட்டுக்கு இல்ல, இன்னொரு கடனுக்கு.

நாலு கம்பெனி எப்படி கொடுத்துச்சு, கம்ப்யூட்டர்ல தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும், முழுசா தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் கடன் விவரத்தை கிரெடிட் பீரோவுக்கு அனுப்புது, முன்னாடி மாசத்துக்கு ஒருக்கா, 2025-ல அது பதினஞ்சு நாளைக்கு ஒருக்கான்னு ஆச்சு. அந்த இடைவெளியில ரெண்டு கம்பெனி ஒரே வாரத்துல செக் பண்ணா ரெண்டுலயும் பழைய படம்தான் தெரியும். தண்டல், அடகுக் கடை, சொந்தக்காரங்ககிட்ட வாங்குனது எதுவுமே அதுல வராது. வருமானம்னு போடுற நம்பரை ஃபீல்டுக்கு வர்ற ஆளுதான் போன்ல தட்டுறான், அவனுக்கு மாசக் கடைசி டார்கெட் இருக்கு. லிமிட்டை தாண்டுதுன்னா மாமாவோட வேலை நாலு நாள் ஆறு நாள் ஆகிடும், இல்லாத ரெண்டு ஆடு வந்து நிக்கும். நான் தட்டியிருக்கேனான்னு கேக்காதீங்க.

அதை விட மோசமானது ஒண்ணு இருக்கு, பேர் மாத்தி எடுக்குறது. ஒருத்தருக்கு ஏற்கனவே லிமிட் முடிஞ்சிடுச்சு, "உன் பேருல எடுத்துக் கொடு, நான் கட்டிடுறேன்"னு பக்கத்து வீட்டுல கேப்பாங்க. கொடுத்தவங்க பேர்லதான் கடன், பீரோவுல அவங்க பேர்தான் கெடும், கட்டுறேன்னு சொன்னவங்க ஒருநாள் ராத்திரி வீட்டைக் காலி பண்ணிட்டு திருப்பூர் போயிருப்பாங்க.

இது எங்க போய் முடியும்னு நம்ம பக்கத்து மாநிலத்துலயே பாத்தாச்சு. ஆந்திராவுல 2010-ல ஒரே வீட்டுக்கு பல கம்பெனி போட்டி போட்டு கொடுத்து, வசூல் கெடுபிடி, தற்கொலைன்னு போய், அக்டோபர்ல அரசு அவசரச் சட்டம் போட்டுச்சு, வசூலே கிட்டத்தட்ட நின்னு போச்சு. அடுத்த வருஷம் மாலேகாம் கமிட்டி, ஒரு ஆளுக்கு ரெண்டு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மேல கொடுக்கக்கூடாதுன்னு சொல்லுச்சு. 2022 விதியில அந்த எண்ணிக்கையை எடுத்துட்டு வருமானத்துல பாதிங்குற கணக்கு வந்துச்சு. திரும்பவும் பாக்கி ஏற ஆரம்பிச்சதும் கம்பெனிகளோட சங்கமான எம்ஃபின் தானாவே 2025 ஏப்ரல்ல இருந்து ஒரு ஆளுக்கு மூணு கம்பெனிக்கு மேல வேண்டாம், மொத்தம் 2 லட்சத்துக்கு மேல வேண்டாம்னு வச்சிருக்கு. மூணுங்குறது அவங்களுக்கு போட்டுக்கிட்ட எல்லை, உன் அடுப்புக்கு போட்டது இல்ல.

வாரக்கடன்ல கூட இருக்குறவங்க பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே, அது நாலு கடன்ல எப்படி வேலை செய்யும்னு ஒரு காட்சி சொல்றேன். காலைல ஏழு மணி, ஒரு வீட்டு வாசல், பத்து பொம்பளைங்க, ஒருத்தர் மடியில எல்லார் லோன் கார்டும். ஒரு அம்மா 300 குறைச்சு கொண்டு வந்திருக்கு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேசவே வேண்டாம், சும்மா உக்காந்திருந்தா போதும். பணம் முழுசா சேராம மீட்டிங் முடியாது, மத்த ஒம்போது பேரும் முந்திரிக் கம்பெனிக்கு போகணும், லேட் ஆனா அரைநாள் கூலி போகும். அஞ்சு நிமிஷத்துல அவங்களே அந்த அம்மாவை பேச ஆரம்பிச்சிடுவாங்க. கடைசியில சென்டர் லீடர் இடுப்புல சொருகி வச்சிருந்த சுருக்குப்பையில இருந்து 300 எடுத்துப் போடும். எங்க ரிப்போர்ட்டுல அன்னைக்கு வசூல் நூத்துக்கு நூறு. அந்த 300 எந்த கணக்குலயும் வராத இன்னொரு கடன். வசூல் நூறு சதவீதம்னு இருக்குற ஊர் நல்லா இருக்குற ஊர்னு அர்த்தம் இல்ல.

இன்னொரு கண்ணி டாப் அப். ஆறு மாசம் ஒழுங்கா கட்டுனா "உங்களுக்கு 60,000 வந்திருக்குக்கா"ன்னு சொல்வாங்க. பழைய பாக்கி 26,400 கழிச்சுக்குவாங்க, ஃபீஸு இன்சூரன்ஸ் 60,000-க்கு முழுசா போடுவாங்க, 1,800 போகும். கைக்கு வர்றது 31,800. புதுசா உன் தலையில ஏறுற கடன் 33,600-தான், ஃபீஸ் கட்டுறது 60,000-க்கு. பாதி முடிஞ்ச கடன் மறுபடியும் முதல் வாரத்துல இருந்து.

ஏற்கனவே மூணு நாலுல மாட்டினவங்களுக்கு, அந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் சொன்னதை சொல்லிடுறேன். எது வட்டி ஜாஸ்தியோ அதை முதல்ல அடைன்னு பொதுவா சொல்வாங்க. தண்டல் இருந்தா அது சரி, அதை முதல்ல முடிக்கணும். ஆனா கம்பெனி கடனுங்களுக்குள்ள வட்டி வித்தியாசம் பெருசா இருக்காது, மூச்சு முட்டுறது வாரத் தொகையாலதான். அதனால எதுக்கு கொஞ்ச வாரம் மிச்சம் இருக்கோ அதை முன்கூட்டியே அடைச்சிடணும். அவங்களுக்கு புதன்கிழமை லோன்ல ஒம்போது வாரம்தான் மிச்சம், பாக்கி 6,400-க்குள்ள. ஒரு கம்மலை வச்சு அதை அடைச்சா வாரம் 720 உடனே விடுது, மழைக்கு முன்னாடி அது பெரிய விஷயம். முன்கூட்டி அடைச்சா அபராதம் வாங்கக்கூடாது, மைக்ரோ ஃபைனான்ஸ் லோனுக்கு அது விதி. லேட் ஆனா போடுற அபராதமும் தவறுன தவணைக்கு மட்டும்தான், மொத்த பாக்கிக்கு கிடையாது.

கட்ட முடியாத வாரம் வந்தா என்ன பண்ணலாம் என்ன பண்ணக்கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். வசூல் பேசி வச்ச பொது இடத்துலதான், ரெண்டு தடவை தொடர்ந்து அங்க வரலன்னாத்தான் வீட்டுக்கு வரலாம். காலைல ஒம்போதுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறுக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது, கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரங்களை தொந்தரவு பண்றது எதுவும் கூடாது. மீறினா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார், 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க்ல cms.rbi.org.in, சந்தேகம் கேக்க 14448. தமிழ்நாட்டுல 2025-ல கடன் வசூல் கெடுபிடிக்கு தனிச் சட்டமே வந்திருக்கு, ஜெயில் வரைக்கும் போகும், ஸ்டேஷன்ல அதைச் சொல்லியே புகார் கொடுக்கலாம். அப்புறம் பேர்ல எத்தனை கடன் நிக்குதுன்னு பாக்க கிரெடிட் ரிப்போர்ட் ஒவ்வொரு பீரோவுலயும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், பேர் மாத்தி எடுத்துக் கொடுத்தவங்க கட்டாயம் பாக்கணும்.

அக்கா கடைசியில செயினை சொசைட்டியில வச்சு மாடு வாங்கிடுச்சு. பால் பட்டுவாடா ஆகுற நாள்ல ஆயிரமோ ரெண்டாயிரமோ கொண்டு போய் கட்டுது, செவ்வாய்க்கிழமை 840 இன்னும் பதினாலு வாரம் ஓடும். கல்யாணத்துக்கு முன்னாடி செயினை மீட்டுடணும்னு கணக்கு போட்டிருக்கு, நடக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, அதைச் சொல்லல.

ஆனா விஷயம் முடியல. வியாழக்கிழமை குழுவுக்கு அஞ்சாவது ஆளு வேணும், அஞ்சு பேர் சேராம யாருக்கும் லோன் வராது. நாலு பேரும் தினம் சாயங்காலம் வந்து "நீ பேருக்கு 20,000 மட்டும் எடு, வேண்டாம்னா எங்ககிட்ட கொடுத்துடு, நாங்க கட்டிக்கிறோம்"னு உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தர்தான் மழைக்கு மாட்டைக் கட்ட கொட்டாயில இடம் கொடுத்தவங்க. நேத்து அக்கா திரும்ப போன் பண்ணி "என்ன தம்பி சொல்றது அவங்ககிட்ட"ன்னு கேட்டுச்சு. என்னை வில்லன் ஆக்கிடுக்கா, தம்பி பீரோவுல பாத்துட்டான், என் பேர்ல இனிமே வராதுன்னு சொல்லிட்டான்னு சொல்லிடுன்னேன்.